சமைத்துக்கொண்டே ஆங்கிலம் பேசும் பெண்: கற்பவர்களுக்கான சிறுகதையை எழுதும் முறை, படிப்படியாக

ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்கள் வாசிப்பதற்கு ஒரு சின்னக் கதை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கதையில் ஒரு இளம்பெண். அடுப்படியில் தான் செய்கிற ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறாள். பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறவர்கள் பலருக்கும் இந்தக் கரு பிடித்துப்போகிறது. ஆனால் எழுத உட்கார்ந்ததும் பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பத்தியிலேயே கதை சமையல் குறிப்பாகிவிடும். ‘ஆட் சால்ட். மிக்ஸ் வெல். குக் ஃபார் ஃபைவ் மினிட்ஸ்.’ பெண் காணாமல் போயிருப்பாள்.

அதைத் தவிர்க்க, வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். எடுத்துக்காட்டாக ஒரே கதையை முழுக்கக் கொண்டுபோகிறேன். கரூரில் இருக்கும் மலர், ரவா உப்புமா, வீட்டில் அப்பாயி. கதையின் ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் கதையில் அவை ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும்.

## 1. எழுதும் முன் தயாராக வேண்டியவை

முதலில், யார் வாசிக்கப் போகிறார்கள் என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். என் எடுத்துக்காட்டில் வாசகர், பள்ளியில் ஆங்கிலம் படித்தவர். வாசித்தால் புரியும், பேச வாய் வராது. இவருக்கு 400 முதல் 450 ஆங்கிலச் சொற்களுக்குள் முடிகிற கதை போதும். ஒரே அமர்வில் வாசித்து, அதே அமர்வில் இன்னொரு முறையும் வாசிக்க முடிகிற நீளம் அது.

இரண்டாவது, நீங்களே அடுப்படிக்குப் போய், கதையில் வரும் உணவை ஒரு முறை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே சமைக்க வேண்டும். கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டு மேடையில் வைத்துவிடுங்கள். மேசையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதினால் எல்லா வாக்கியமும் தடையில்லாமல் வரும். அடுப்பின் முன்னால் நின்றால்தான், எந்த இடத்தில் வாய் நின்றது, எந்த இடத்தில் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது என்பது தெரியும். கதைக்கு வேண்டியதே அந்த இடங்கள்தான்.

பதிவைக் கேட்கும்போது உங்கள் இலக்கணத்தைத் திருத்த வேண்டாம். மௌனங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

## 2. உணவைத் தேர்ந்தெடுப்பது

இருபது நிமிடத்தில் முடிய வேண்டும். ஒரே பாத்திரம், அதிகம் போனால் இரண்டு. ஓரிடத்திலாவது கவனம் தப்பினால் பண்டம் கெட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அந்த உணவு கதைக்கு ஆகும்.

பலர் பிரியாணியை எடுக்கிறார்கள். பொருள்களின் பட்டியலே அரைப்பக்கம் வந்துவிடும், கற்பவர் மசாலாப் பெயர்களிலேயே களைத்துவிடுவார். சாம்பாரில் வேறு சிக்கல். பருப்பு குக்கருக்குள் வேகும், அங்கே கண்ணுக்குத் தெரிய எதுவும் நடக்காது. தேநீர் மிகவும் சின்னது, மூன்று வாக்கியத்தில் முடிந்துபோகும்.

உப்புமா இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. ஒரு தம்ளர் ரவைக்கு இரண்டரைத் தம்ளர் தண்ணீர். ரவையைச் சிறு தீயில் வறுத்து எடுத்து வைக்கிறோம். எண்ணெயில் கடுகு, உளுந்து, மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் வதக்கி, தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கொதிக்க விடுகிறோம். கொதித்ததும் ஒரு கையால் ரவையைத் தூவ வேண்டும், மறு கையால் கிளற வேண்டும். அந்த ஒரு இடத்தில் கை நின்றால் கட்டி தட்டிவிடும். கதையின் முடிச்சை உப்புமாவே கொடுத்துவிடுகிறது.

## 3. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிறார்கள். கதையின் ஆங்கிலம் சரியாக வருவதும் வராமல் போவதும் இதில்தான் இருக்கிறது.

உப்புமாவில் நீண்ட வேலைகள் இருக்கின்றன. ரவை வறுக்க நாலைந்து நிமிடம் ஆகும். வெங்காயம் நறுக்க இரண்டு நிமிடம், வதக்க மூன்று நிமிடம், தண்ணீர் கொதிக்க நாலைந்து நிமிடம். நொடியில் முடிகிற வேலைகளும் உண்டு. கடுகைப் போடுவது, கறிவேப்பிலையைப் போடுவது, உப்பு போடுவது.

நீண்ட வேலையைச் செய்துகொண்டே சொல்லலாம். ‘ஐ ஆம் ரோஸ்டிங் தி ரவா.’ சொல்லி முடித்த பிறகும் கை வறுத்துக்கொண்டுதான் இருக்கும். வாக்கியமும் உண்மையாக இருக்கும்.

கறிவேப்பிலை அப்படி இல்லை. ‘ஐ ஆம் ஆடிங் தி கறி லீவ்ஸ்’ என்று சொல்ல இரண்டு மூன்று நொடி ஆகிறது. அதற்குள் இலை எண்ணெயில் விழுந்து பொரிந்து அடங்கியிருக்கும். அதனால் குறுகிய வேலையை முன்னால் சொல்ல வேண்டும், அல்லது பின்னால் சொல்ல வேண்டும். முன்னால் என்றால், ‘ஐ ஆம் கோயிங் டு ஆட் தி கறி லீவ்ஸ்.’ பின்னால் என்றால், ‘ஐ ஆடட் தி கறி லீவ்ஸ்.’ எதிர்காலமும் இறந்தகாலமும் எதற்கு என்று தனியாக விளக்கவே வேண்டாம். அடுப்பே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இது தெரியாமல் எழுதப்பட்ட கதைகளில் முதல் வரி முதல் கடைசி வரி வரை ‘ஐ ஆம்... இங், ஐ ஆம்... இங்’ என்றே ஓடும். வாசிக்கிறவருக்கு ஒரே வாய்ப்பாடு மனப்பாடம் ஆகும். அடுத்த நாள் அடுப்படியில் நின்று பேசிப் பார்த்தால், எப்போதும் ஒரு அடி பின்தங்கியே பேசுவார்.

இன்னொன்றும் இங்கேயே பார்க்க வேண்டும். எல்லா வினைக்கும் ‘இங்’ ஒட்டாது. மலர் கொதிக்கும் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து ருசி பார்க்கிறாள். ‘ஐ ஆம் டேஸ்டிங் தி வாட்டர்.’ அது அவள் செய்கிற செயல். உப்பு கரிக்கிறது. ‘இட் டேஸ்ட்ஸ் சால்ட்டி.’ அது தண்ணீரின் தன்மை, அங்கே ‘இங்’ வராது. இந்த இரண்டு வாக்கியத்தையும் அடுத்தடுத்து வையுங்கள். வாசனைக்கும் அதே கதைதான். ரவை வறுபட்டதும் ‘இட் ஸ்மெல்ஸ் குட்’ என்று வர வேண்டும். நம்மவர்கள் பேச்சில் ‘இட் இஸ் ஸ்மெல்லிங் குட்’ என்று வருவது சகஜம் என்பதால், சரியான வடிவத்தைக் கதையில் இரண்டு இடத்திலாவது கொண்டுவந்துவிடுங்கள்.

அப்புறம், தண்ணீர் கொதிக்கக் காத்திருக்கிற அந்த நாலைந்து நிமிடம். கைக்கு வேலை இல்லை, வாய் சும்மா இருக்கிறது. மலர் யார் என்று வாசகருக்குத் தெரிய வேண்டியது இங்கேதான். ‘மை ஃபாதர் இஸ் கமிங் ஹோம் அட் எய்ட். ஹி லைக்ஸ் உப்புமா. மை பிரதர் ஹேட்ஸ் இட்.’ வேலைக்கான நேர்காணல் வருகிறது என்பதையும் இதே இடத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். தொடக்கத்தில் அவளைப் பற்றி ஒரு பத்தி அறிமுகம் எழுத வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

## 4. புதிய சொற்களை எண்ணி வையுங்கள்

உதவி இல்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டுமானால், திரும்ப வருபவற்றையும் சேர்த்து எண்ணிய மொத்தச் சொற்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற மொழி ஆய்வாளர்கள் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். 450 சொல் கதையில் ஒன்பது இடம். அதை ஒன்பது வெவ்வேறு சொற்களுக்குச் செலவழிக்காதீர்கள். நாலைந்து சொற்களை எடுத்து, திரும்பத் திரும்ப வர விடுங்கள். ஒரு முறை மட்டும் வந்துபோன சொல் மறுநாள் நினைவில் இருக்காது.

மலரின் கதைக்கு நான் எடுத்தவை ஐந்து. ரோஸ்ட், பாப், போர், ஸ்டர், லம்ப். இவற்றில் ‘ரோஸ்ட்’ பாதி தெரிந்த சொல். ஓட்டலில் கேட்கிற ரோஸ்ட்டின் பெயர் இங்கே வினையாக வருகிறது, அவ்வளவுதான். மற்றபடி கேஸ், ஸ்டவ், ஆயில், சால்ட், ஸ்பூன், பிளேட், ஆனியன் எல்லாம் அன்றாடத் தமிழிலேயே புழங்குகின்றன. அடுப்படிக் கதையின் பெரிய வசதி இது. பெயர்ச்சொற்கள் இலவசமாகக் கிடைப்பதால், புதுமை முழுவதையும் வினைச்சொற்களுக்கு ஒதுக்கலாம்.

‘தாளிக்கிறேன்’ என்பதில் பலரும் நேரத்தைத் தொலைக்கிறார்கள். இணையான ஒற்றைச் சொல்லைத் தேட வேண்டாம். கண்ணால் பார்ப்பதைச் சொன்னால் போதும். ‘ஐ ஆம் ஃப்ரையிங் மஸ்டர்ட் சீட்ஸ் இன் ஹாட் ஆயில்.’ அதுபோல ‘சிம்மில் வைக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் டர்னிங் டவுன் தி ஹீட்’. ரவா, உப்புமா இரண்டையும் அப்படியே விட்டுவிடுங்கள். வாசிக்கிறவருக்குத் தெரிந்த பொருளுக்கு ஆங்கிலப் பெயர் தேடிப் போட்டால் அவர் குழம்பத்தான் செய்வார்.

நம் மொழியில் ‘ஏ’, ‘தி’ போன்ற முன்னொட்டுச் சொற்கள் இல்லாததால், கற்பவர்கள் அவற்றை விட்டுவிடுவார்கள். விதி சொல்லி விளங்கவைப்பது கடினம். வரிசையால் காட்டலாம். ‘ஐ நீட் ஆன் ஆனியன். ஹியர் இஸ் ஆன் ஆனியன். ஐ ஆம் கட்டிங் தி ஆனியன்.’ எடுக்கும் வரை ஏதோ ஒரு வெங்காயம், கையில் எடுத்த பிறகு அந்த வெங்காயம். கதையில் ஒரு இடத்தில் இந்த மூன்று வாக்கியமும் சேர்ந்து வரட்டும்.

## 5. இரண்டு குரல்களைப் பிரித்து வையுங்கள்

கதை சொல்கிறவர் குரல் வேறு, மலர் பேசுகிற குரல் வேறு. கதை சொல்கிறவர் இறந்தகாலத்தில் எளிமையாகப் போகட்டும். ‘மலர் புட் தி பேன் ஆன் தி ஸ்டவ்.’ மலர் பேசுவது மட்டும் மேற்கோள் குறிக்குள், அந்த நொடியின் காலத்தில். இரண்டும் கலந்தால், எது நடந்தது, எது சொல்லப்பட்டது என்று வாசிக்கிறவருக்குப் பிடிபடாது.

மலர் ஒருபோதும் ஏவல் வாக்கியத்தில் பேசக் கூடாது. ‘ஆட் சால்ட்’ என்றால் அவள் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று ஆகிவிடும். கதை சமையல் குறிப்பாக மாறுவது முதலில் இந்த வினை வடிவத்தில்தான் தெரியும். முதல் வரைவில் ஏவல் வினை எங்கே வந்தாலும் அடிக்கோடிட்டு மாற்றிவிடுங்கள்.

அப்பாயி ஆங்கிலம் பேச வேண்டாம். அவர் பேசுவதைத் தமிழிலேயே, தமிழ் எழுத்திலேயே கதைக்குள் வையுங்கள். கரூரில் ஒரு பாட்டி எளிய ஆங்கிலத்தில் பதில் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். கற்பவருக்கும் இது நல்லது, ஆங்கில வரிகளுக்கு இடையில் மூச்சு விட ஓர் இடம் கிடைக்கிறது. ஆனால் கதையின் நகர்வு தமிழ் வரியில் மட்டும் இருந்துவிடக் கூடாது. ஆங்கிலத்தைத் தாண்டிக் குதித்துத் தமிழை மட்டும் வாசித்துக் கதையைப் புரிந்துகொள்ள முடிகிறது என்றால், தமிழ் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

## 6. ஒரே உணவை மூன்று முறை சமைக்க வையுங்கள்

மூன்று நாள், மூன்று வெவ்வேறு உணவு என்று எழுதத்தான் முதலில் தோன்றும். அப்படி எழுதினால் சொற்கள் திரும்ப வராது, அவள் முன்னேறியது கண்ணிலும் படாது. உப்புமாவே மூன்று முறை வரட்டும். அதே வேலை, அதே வரிசை, அவள் பேச்சு மட்டும் மாறும். அந்த மாற்றம்தான் கதை. மலரின் மூன்று சமையலும் இப்படிப் போகின்றன.

முதல் முறை. மலர் அடுப்பைப் பற்றவைக்கிறாள். ‘ஐ ஆம் ரோஸ்டிங் தி ரவா.’ நன்றாகத்தான் போகிறது. கடுகைப் போட்டுவிட்டு, ‘ஐ ஆம் ஆடிங்...’ என்கிறாள். கடுகு வெடித்து மேடையெல்லாம் தெறிக்கிறது. சிரித்துக்கொள்கிறாள். அப்பாயி கூடத்திலிருந்து கேட்கிறார்: “யாருகிட்ட கண்ணு பேசற?” “யாருகிட்டயும் இல்ல அப்பாயி, பழகறேன்.” தண்ணீர் கொதிக்கிறது. ரவைக் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறாள். ‘ஐ ஆம்... ஐ ஆம்...’ தூவுவதற்கு என்ன சொல்? தெரியவில்லை. யோசிக்கிறாள். கிண்ணம் சாய்ந்து ரவை மொத்தமாக விழுகிறது. கரண்டி நின்றுபோயிருக்கிறது. கட்டி கட்டியாக உப்புமா. அப்பாயி தட்டைப் பார்த்துச் சொல்கிறார்: “வாய் நின்னா நிக்கட்டும், கை நிக்கலாமா?”

இந்தக் காட்சியில் மொழித் தடங்கலே சமையல் தடங்கல் ஆகிறது. ஒரு சொல் தெரியாததற்கு விலையாகத் தட்டில் கட்டி கிடக்கிறது. ‘அவளுக்கு மிகவும் வெட்கமாக இருந்தது’ என்று எழுதினால் ஒரு வரி செலவாகும், கற்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ‘தேர் ஆர் லம்ப்ஸ் இன் தி உப்புமா’ என்று எழுதினால் சொல்லும் கிடைக்கும், அவள் மனநிலையும் தெரியும்.

இரண்டாம் முறை. சமைக்கும் முன் மலர் அகராதியில் இரண்டு சொல் பார்த்துக் காகிதத்தில் எழுதி ஜன்னல் ஓரத்தில் செருகுகிறாள். போர், ஸ்டர். இந்த முறை குறுகிய வேலைகளை முன்கூட்டியே சொல்கிறாள். ‘ஐ ஆம் கோயிங் டு ஆட் தி மஸ்டர்ட் சீட்ஸ்.’ போடுகிறாள். ‘தி சீட்ஸ் பாப்ட்!’ தண்ணீர் கொதிக்கும் முன், கிண்ணத்தைத் தொடாமலேயே சொல்லிப் பார்க்கிறாள்: ‘ஐ ஆம் கோயிங் டு போர் தி ரவா. ஐ ஆம் கோயிங் டு ஸ்டர்.’ தூவுகிற நேரம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஓட்டுகிறாள். கட்டி இல்லை. ஆனால் முக்கியமான இடத்தில் பேசவும் இல்லை.

இந்த அரைகுறை வெற்றியை அப்படியே விடுங்கள். இங்கேயே அவள் சரளமாகப் பேசிவிட்டால் மூன்றாம் முறைக்கு வேலை இல்லை. உண்மையில் நடப்பதும் இப்படித்தான், இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது புதிய சொல் நாக்கில் வராது. நன்றாக ஊறிய பிறகுதான் வரும்.

மூன்றாம் முறை. பக்கத்து வீட்டு ஹரி, ஆங்கில வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறவன், வாசலில் வந்து நிற்கிறான். ‘அக்கா, வாட் ஆர் யூ டூயிங்?’ இதற்கு அவளிடம் பதில் தயாராக இருக்கிறது. ‘ஐ ஆம் குக்கிங் உப்புமா.’ அடுத்து அவன் கேட்கிறான்: ‘வை ஆர் யூ வெயிட்டிங்?’ இதுவரை அவளிடம் யாரும் ‘ஏன்’ என்று கேட்டதில்லை. தனக்குத் தானே பேசுகிறவளுக்குக் கேள்வி வராது அல்லவா? ஒரு நொடி நிற்கிறாள். ‘பிகாஸ்... பிகாஸ் தி வாட்டர் இஸ் நாட் பாய்லிங் யெட்.’ தண்ணீர் கொதிக்கிறது. அவன் விடவில்லை: ‘வாட் ஆர் யூ டூயிங் நௌ?’ ‘ஐ ஆம் போரிங் தி ரவா, அண்ட் ஐ ஆம் ஸ்டரிங்.’ கை நிற்கவில்லை. ஹரிக்கு ஒரு தட்டு, அப்பாயிக்கு ஒரு தட்டு. ஹரி கேட்கிறான்: ‘கேன் ஐ ஹாவ் சம் மோர்?’

அத்துடன் கதை முடிகிறது. ஹரி வருவதற்குக் காரணம் உண்டு. வாய்விட்டு வருணிக்கும் பயிற்சியால் சொல் தேடும் வேகம் கூடும், வாக்கியம் கட்டும் பழக்கம் வரும். ஆனால் கேள்வியைக் காதால் வாங்கிப் பதில் சொல்வது அதில் வராது. கேள்வி கேட்பதும் வராது. கதை இந்த எல்லையை மறைத்தால், வாசிக்கிறவர் மாதக்கணக்கில் தனியாகப் பேசிவிட்டு, நேர்காணலில் முதல் ‘வை’ கேள்விக்கே நின்றுபோவார். அதனால்தான் மூன்றாம் முறையில் ஓர் ஆள் வேண்டும்.

நேர்காணலில் அவளுக்கு வேலை கிடைத்ததாக முடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூன்று உப்புமாவுக்கும் ஒரு வேலைக்கும் இடையில் நிறைய தூரம் இருக்கிறது, வாசிக்கிறவருக்கும் அது தெரியும். நேர்காணல் வருகிறது என்ற ஒரு வரி போதும். அது எப்படி நடந்தது என்பது இந்தக் கதைக்குள் வராது.

## 7. தவறுகளை எவ்வளவு காட்டுவது

மலர் கற்கிறவள், அவள் பேச்சில் பிழை இல்லாவிட்டால் பொய்யாக இருக்கும். ஆனால் அச்சில் பார்த்த தவறான வாக்கியம் கற்பவர் மனத்தில் சரியானதைப் போலவே தங்கிவிடும். இதற்கு நான் கண்ட வழி, பிழைகளை முடிக்கப்படாத வாக்கியங்களாகவே காட்டுவது. ‘ஐ ஆம்... ஐ ஆம்...’ என்று தடுமாறலாம், நிற்கலாம், வேறு சொல்லால் சுற்றிவரலாம். முழுமையான தவறான வாக்கியம் ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதையும் அடுத்த வரியிலேயே அவளே திருத்திக்கொள்ள வேண்டும். ‘ஐ ஆம் கட் தி ஆனியன். நோ. ஐ ஆம் கட்டிங் தி ஆனியன்.’

திருத்துகிற ஆளாக அண்ணனையோ ஆசிரியரையோ கொண்டுவருகிறவர்கள் உண்டு. உடனே கதை வகுப்பறை ஆகிவிடுகிறது. அடுப்படியில் அவளுக்கு மேலே யாரும் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் பலம். அதைக் கெடுக்காதீர்கள்.

## 8. கொடுக்கும் முன் சோதியுங்கள்

முதல் சோதனை அடுப்பின் முன்னால். வரைவை ஒருவர் கையில் கொடுத்து, மலரின் வரிகளை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் உப்புமா செய்யுங்கள். வரியும் வேலையும் ஒட்டி வருகின்றனவா என்று பாருங்கள். அவர் வாசித்து முடிப்பதற்குள் கடுகு கருகிவிட்டால், அந்த வாக்கியம் நீளம் அல்லது காலம் தவறு. நீங்கள் இன்னும் வறுத்துக்கொண்டிருக்க அவர் அடுத்த மூன்று வரிக்குப் போய்விட்டால், இடையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ‘இட் ஸ்மெல்ஸ் குட்’ போன்ற ஒரு வரிக்கு அங்கே இடம் இருக்கும்.

இரண்டாவது சோதனைக்கு உங்கள் வாசகர்களில் ஒருவர் வேண்டும். வாசிக்கும்போது புரியாத சொல்லின் கீழ் கோடு போடச் சொல்லுங்கள், அகராதி வேண்டாம். கதை முழுவதிலும் பத்துக் கோட்டுக்கு மேல் விழுந்தால் சொற்களைக் குறையுங்கள். கோடுகள் எங்கே விழுகின்றன என்பதையும் பாருங்கள். முதல் சமையலில் ‘ஸ்டர்’ கீழ் கோடு இருந்து, மூன்றாவதில் இல்லை என்றால் கதை தன் வேலையைச் செய்திருக்கிறது. மூன்றாவதிலும் கோடு விழுந்தால், அந்தச் சொல் பொருள் விளங்கும்படி எங்கேயும் வரவில்லை. கரண்டியோடு சேர்த்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘ஷி ஸ்டர்ட் தி வாட்டர் வித் எ ஸ்பூன்.’

கடைசியாக, கதையை மூடி வைத்துவிட்டு அவரிடம் ஒரே ஒரு கேள்வி: முதல் நாள் உப்புமாவில் ஏன் கட்டி தட்டியது? ‘கிளறவில்லை’ என்று மட்டும் சொன்னால், அவர் சமையலை மட்டும் வாசித்திருக்கிறார். அப்படியானால் முதல் சமையலில் அந்த ‘ஐ ஆம்... ஐ ஆம்...’ வரிக்கும் ரவை விழுகிற வரிக்கும் இடையே வேறு ஏதோ புகுந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வையுங்கள், பிறகு இன்னொருவரிடம் கொடுத்துக் கேளுங்கள். ‘சொல்லைத் தேடினாள், கை நின்றுபோனது’ என்ற பதில் வரும் வரை அந்தப் பகுதியைத் திருத்திக்கொண்டே இருங்கள்.